ஹாட் சாக்லேட் இதயத்துக்கு நல்லதா? டப்பாவின் பின்பக்கம் என்ன சொல்கிறது

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. கோகோ குடித்தால் இரத்தக் குழாய்க்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, தினமும் இரவு ஹாட் சாக்லேட் கேட்கிறார். கடையில் இரண்டு வகை இருக்கிறது. டிரிங்கிங் சாக்லேட் 200 கிராம் 180 ரூபாய். அதில் கோகோ 22%, சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு 72 கிராம், ஒரு கப்புக்கு 20 கிராம் போடச் சொல்கிறது. வெறும் கோகோ தூள் 100 கிராம் 260 ரூபாய், விலை கூடுதல். எதை வாங்குவது? — திருச்சி வாசகி

பதில்: நல்லவேளை, டப்பாவைத் திருப்பி எண்களைக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது. வெறும் கோகோ தூள்தான் வாங்க வேண்டும். ஆனால் அதிலும் எல்லாத் தூளும் ஒன்றல்ல, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா படித்த செய்தி பொய்யில்லை. கோகோ விதையில் ஃபிளவனால் என்றொரு வகைப் பொருள் இருக்கிறது. அதில் முக்கியமானது எபிகேட்டச்சின். இது இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதைக் கூட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடு கூடினால் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரிந்துகொடுக்கும். இதைக் கையிலேயே அளந்து பார்க்கிறார்கள். பட்டை கட்டி சில நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு விட்டவுடன் கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். ஃபிளவனால் நிறைந்த கோகோ குடித்த ஓரிரு மணி நேரத்தில் அந்த விரிவு கூடுவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதை வைத்துத்தான் 2012-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தினமும் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் எடுத்தால் இரத்தக் குழாயின் நெகிழ்வுக்கு உதவும் என்ற வாசகத்தை ஏற்றுக்கொண்டது.

200 மில்லிகிராம் என்ற அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தேர்வு செய்ய அதுதான் அளவுகோல்.

முதலில் டிரிங்கிங் சாக்லேட். 20 கிராம் போட்டால் அதில் கோகோ 4.4 கிராம், சர்க்கரை 14.4 கிராம். அந்த 4.4 கிராம் கோகோவில் எவ்வளவு ஃபிளவனால் இருக்கும் என்பது, தூளை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. கோகோ இயல்பில் கொஞ்சம் புளிப்பும் துவர்ப்பும் உள்ளது. அதைப் போக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வந்த ஒரு முறை இன்றும் நடக்கிறது: பொட்டாசியம் கார்பனேட் மாதிரி ஒரு காரத்தைச் சேர்ப்பது. டச்சு முறை என்பார்கள். சுவை மென்மையாகும், நிறம் அடர்ந்து கறுக்கும், பாலில் எளிதாகக் கலக்கும். கூடவே ஃபிளவனாலும் அழியும்.

எவ்வளவு அழியும் என்று 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அளந்தார்கள். காரம் சேர்க்காத தூளில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8, நடுத்தரமாகச் சேர்த்ததில் 7.8, நன்றாகச் சேர்த்ததில் 3.9. அதாவது கறுத்துப் பளபளவென்று இருக்கும் தூளில், இயல்பான தூளில் உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம். கறுப்பாக இருந்தால் கோகோ அதிகம் என்று நாம் நினைக்கிறோம் பாருங்கள், இந்த விஷயத்தில் அது நேர்மாறு.

உங்கள் டிரிங்கிங் சாக்லேட்டில் உள்ள கோகோ நடுத்தரமாகக் காரம் சேர்த்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கப்பில் சுமார் 34 மில்லிகிராம் வரும். 200-ஐத் தொட ஏறக்குறைய ஆறு கப் குடிக்க வேண்டும். அதோடு உள்ளே போகும் சர்க்கரை 80 கிராமுக்கு மேல். நம் நாட்டு லேபிளில் ஒரு நாளுக்கான சேர்க்கப்பட்ட சர்க்கரை அளவாக எடுத்துக்கொள்வதே 50 கிராம்தான். எல்லையில் சர்க்கரை இருக்கிற ஒருவருக்கு இரத்தக் குழாயைக் காப்பாற்றுகிறேன் என்று இதைக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே கப் என்றால்கூட மூன்று டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை போகிறது, ஃபிளவனால் பெயருக்குத்தான்.

இனி வெறும் கோகோ தூள். காரம் சேர்க்காதது கிடைத்தால் 6 கிராம் போதும், 200 மில்லிகிராமை எட்டிவிடும். தலைதட்டி இரண்டரை டீஸ்பூன் மாதிரி வரும். எப்படிக் கண்டுபிடிப்பது? பொருள் பட்டியலைப் பாருங்கள். கோகோ தூள் என்று ஒரே பொருள் மட்டும் இருந்தால் நல்ல அடையாளம். அமிலச் சீராக்கி என்றோ, 501(i), 500(ii) மாதிரி எண்களோ இருந்தால் காரம் சேர்த்தது. அட்டையில் டச்சு, ஆல்கலைஸ்டு என்று பெருமையாகவே போட்டிருந்தாலும் அதேதான். வாங்கிய பிறகு கண்ணாலும் நாவாலும் ஒரு சரிபார்ப்பு உண்டு. இயல்பான தூள் வெளிர் பழுப்பாக, சற்றே செம்மை கலந்து இருக்கும். நுனிநாக்கில் வைத்தால் கசப்போடு ஒரு புளிப்பும், வாயை இழுக்கும் துவர்ப்பும் தெரியும். அந்தத் துவர்ப்பில் பெரும்பங்கு ஃபிளவனாலுடையது. கசப்பு மட்டும் வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: காரம் சேர்க்காத தூளிலும் அளவு நிலையாக இருக்காது. விதையைப் புளிக்க வைப்பதிலும் வறுப்பதிலும் கொஞ்சம் போய்விடும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிற கோகோவுக்கும் இதே கதைதான். எனவே 200 என்பதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதமாக அல்ல. 2023-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோகோவுக்கு ஒரு வாசகத்தை அனுமதித்தபோதுகூட, குறைந்தது 4% ஃபிளவனால் உள்ள சிறப்புத் தூளுக்கு மட்டும்தான் கொடுத்தது. அதையும் சான்று மிகக் குறைவு என்று சொல்லிவிட்டே கொடுத்தது. சாதாரணக் கோகோ தூளுக்கு அது பொருந்தாது.

விலையையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் தயங்குகிறீர்கள். டிரிங்கிங் சாக்லேட் 200 கிராமில் பத்து கப் வரும், கப்புக்கு 18 ரூபாய். கோகோ தூள் 100 கிராமில் 6 கிராம் வீதம் பதினாறு கப் வரும், கப்புக்குச் சுமார் 16 ரூபாய். விலை கூடியது எது? அந்த 180 ரூபாயில் உங்களுக்குக் கிடைக்கும் கோகோ 44 கிராம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. வீட்டுச் சர்க்கரை டப்பாவில் இருப்பதை இந்த விலைக்கு வாங்குவானேன்?

தயாரிக்கும்போது தூளை நேராகப் பாலில் கொட்டாதீர்கள், அதில் கொழுப்பு இருப்பதால் கட்டி கட்டியாக மிதக்கும். இரண்டு ஸ்பூன் வெந்நீரில் குழைத்து விழுதாக்கி, அப்புறம் 150 மில்லி சூடான பாலை ஊற்றிக் கலக்குங்கள். பாலிலேயே 7 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரை இருக்கிறது, அதனால் முதல் வாரம் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டு மெல்லக் குறைக்கலாம். ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டால் அப்பா முகம் சுளிக்காமல் குடிப்பார். பால் ஃபிளவனாலைத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதற்காகப் பாலை விட வேண்டாம். ஆனால் வாழைப்பழ மில்க்‌ஷேக்கில் கோகோ போட்டுக் குடிப்பது வீண். வாழைப்பழத்தில் உள்ள ஒரு நொதி ஃபிளவனாலைச் சிதைத்துவிடுகிறது. 2023-ல் வந்த ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்கள் இரத்தத்தில் ஃபிளவனால் அளவு 84% குறைவாக இருந்தது. நறுக்கிய வாழைப்பழம் கறுக்கிறதே, அதைச் செய்வதும் அதே நொதிதான்.

இரவில் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்றால் மாலைக்கு மாற்றிவிடுங்கள், கோகோவில் கொஞ்சம் கஃபீனும் தியோபுரோமினும் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவராக இருந்தால் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள், கோகோவில் ஆக்சலேட் அதிகம்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு பலன்? 2017-ல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், இரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியது. அதுவும் தினம் சராசரியாக 670 மில்லிகிராம் எடுத்ததற்கு! அமெரிக்காவில் 21,000-க்கு மேற்பட்ட முதியவர்களுக்குத் தினம் 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. இதய நோயால் இறப்பது 27% குறைந்திருந்தது. ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த மொத்த நிகழ்வுகள் குறைகின்றனவா என்பது. அதில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது மாத்திரை வடிவச் சாறு, ஹாட் சாக்லேட் இல்லை. செலவில் ஒரு பங்கை ஏற்றதும் ஒரு சாக்லேட் நிறுவனம். எனவே அப்பா கோகோ குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி அழுத்த மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

கேள்வி: 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்ட சாக்லேட் சுவைப் பானத் தூள் ஒன்றை ஹெல்த் டிரிங்க் என்று ஆன்லைனில் வாங்கினேன். லேபிளில் 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 78, சர்க்கரை 4 என்று இருக்கிறது. நீரிழிவு உள்ள என் அம்மாவுக்குக் கொடுக்கலாமா? — மதுரை வாசகர்

பதில்: மிச்சம் 74 கிராம் எங்கே போனது என்று பொருள் பட்டியலில் தேடுங்கள். பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர் முதல் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். அது மாவுப்பொருளை உடைத்துச் செய்வது. லேபிள் கணக்கில் சர்க்கரை என்று வராது. வயிற்றுக்குள் போனால் ஏறக்குறைய குளுக்கோஸ் வேகத்தில் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரவேண்டும் என்பது விதி, எனவே கோகோ அதற்குக் கீழே எத்தனையாவது இடத்தில், எத்தனை சதவீதம் என்று பார்த்தாலே அதில் இருப்பது கோகோவா கோகோ வாசனையா என்று தெரிந்துவிடும்.

ஹெல்த் டிரிங்க் என்ற பெயரையும் நம்ப வேண்டாம். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கும்படி இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிரித்துவிட்டால், அம்மாவுக்கு அல்லாமல் வீட்டில் மற்றவர்கள் தீர்த்துவிடலாம்.