கடைசி நாள் மின்னஞ்சல்: எப்போது அனுப்புவது, எந்த எண்ணைக் கொடுப்பது?

கேள்வி: வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து விலகுகிறேன். கூட வேலை பார்த்த 60 பேருக்கு நன்றி சொல்லி, என் சொந்த எண்ணையும் கொடுத்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். எப்போது, எப்படி அனுப்பலாம்?

பதில்: கிளம்பும்போது அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பல அலுவலகங்களில் கடைசி நாள் மாலையே கணக்கை முடக்கிவிடுவார்கள். அதன்பின் வரும் பதில்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், இல்லையென்றால் உங்கள் மேலாளரின் பெட்டியில் விழும். எந்த மணிக்கு முடக்குவார்கள் என்று ஐடி பிரிவில் கேட்டுக்கொண்டு, அதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது அனுப்புங்கள். மதிய உணவு முடிந்த வேளை தோதானது. பதில் போட அவர்களுக்கும் நேரம் இருக்கும், படிக்க உங்களுக்கும் இருக்கும்.

அறுபது பேருக்கும் ஒரே மின்னஞ்சல் வேண்டாம், இரண்டாக எழுதுங்கள். தினமும் கூடவே இருந்த ஏழெட்டுப் பேருக்குத் தனியாக ஒன்று. அதில் பெயர் சொல்லி, செய்த உதவியையும் சொல்லுங்கள். "எல்லா உதவிக்கும் நன்றி" என்பது யார் மனதிலும் தங்காது. "ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் இரவு ஒன்பது வரை என்னோடு உட்கார்ந்து ரசீதுகளைச் சரிபார்த்தீர்களே" என்றால் தங்கும். மற்ற எல்லோருக்கும் போகும் பொது மின்னஞ்சலில் பெயர்களே வேண்டாம். ஐந்து பேரைச் சொன்னால் ஆறாமவருக்கு மனக்குறை. அதில் To இடத்தில் உங்கள் முகவரியையும் Bcc இடத்தில் மற்றவர்களையும் போடுங்கள். இல்லையென்றால் யாராவது Reply All அழுத்த, "வாழ்த்துகள்" என்று ஐம்பது பதில்கள் எல்லோர் பெட்டியிலும் குவியும்.

பொது மின்னஞ்சலுக்கு இவ்வளவு போதும்:

> வணக்கம். இன்று இங்கே எனக்குக் கடைசி நாள். நான்கு ஆண்டுகளாக, கேட்டபோதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு விளக்கம் சொன்ன உங்கள் எல்லோருக்கும் நன்றி. என் பொறுப்பில் இருந்த வேலைகள் குறித்து இனி குழுத் தலைவரிடம் கேளுங்கள். இந்த அலுவலக முகவரி இன்று மாலையோடு நின்றுவிடும். அதன்பின் என் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்: (முகவரி).

தொலைபேசி எண்ணைச் சிறிய குழுவுக்கு மட்டும் கொடுங்கள். அறுபது பேருக்குப் போன எண் அங்கிருந்து எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. வாடிக்கையாளர்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குச் சொந்தத் தொடர்பைக் கொடுப்பதற்குப் பல நிறுவனங்களில் தடை உண்டு. மேலாளரிடம் கேட்காமல் செய்தால் கடைசி நாளில் வீண் வம்பு.

அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலின் அடிப்பகுதியைப் பாருங்கள். தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தில் பழைய பதவியும் அலுவலக எண்ணும் இருக்கும். அவற்றை நீக்காவிட்டால், அவசரத்தில் படிப்பவர் அந்த எண்ணைத்தான் குறித்துக்கொள்வார். முகவரியைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள், நகலெடுக்க வசதி. தட்டியதை நகலெடுத்து, அதற்கே ஒரு வெற்று மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். உங்கள் கைபேசியில் வந்து விழுந்தால் முகவரி சரி. ஓர் எழுத்துத் தவறியிருந்தாலும், கணக்கு மூடிய பிறகு திருத்தம் அனுப்ப வழியில்லை.