அப்பாவின் வீடு, மனைவியின் கையெழுத்து: தொழில் கடனை வீட்டில் எப்படி விளக்குவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறேன். புதிய எக்ஸ்பெல்லரும் கொப்பரை உலர்த்தியும் வாங்க 15 லட்சம் டேர்ம் லோன், கொப்பரை கொள்முதலுக்கு 5 லட்சம் கேஷ் கிரெடிட் எனும் சி.சி. கடன் கேட்டிருக்கிறேன். வட்டி 11 சதவீதம், டேர்ம் லோனுக்குத் தவணைக் காலம் ஏழு ஆண்டு. அப்பா பெயரில் உள்ள வீட்டின் ஆதாரப் பத்திரத்தையும், அப்பா, மனைவி இருவரின் ஜாமீனையும் வங்கி கேட்கிறது. "எங்கே போட வேண்டும் என்று காட்டு, போடுகிறேன்" என்கிறார் அப்பா. மனைவிக்குப் பயம். ஆலைச் செலவு போக மாதம் 75,000 ரூபாய் நிற்கிறது. வீட்டுச் செலவு 30,000. இவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். பயப்படுகிற மனைவி கேள்வி கேட்பார். அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதுவும் கேட்காமல் பேனாவை எடுக்கிறவரை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன்.

அவர் போடப்போவது ஒரு கையெழுத்து அல்ல, இரண்டு. ஒன்று அடமானம். அதன்படி வங்கி தொடக்கூடியது அந்த வீட்டை மட்டும்தான். இன்னொன்று ஜாமீன். அது வீட்டோடு நிற்காது. அவருடைய வைப்புத் தொகை, வேறு நிலம் என எல்லாவற்றையும் எட்டும். "பையன் கட்டாவிட்டால் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள், கடைசியில்தான் என்னிடம் வருவார்கள்" என்று பெரும்பாலான பெற்றோர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவில், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாதவரை, உங்களைத் தேடி வருவதற்கு முன்பே வங்கி அவரிடம் பணம் கேட்கலாம். உங்கள் மனைவியின் ஜாமீனுக்கும் இதே கதிதான். இதைச் சொல்லி முடித்ததும், அப்பாவை அவருடைய வார்த்தைகளில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "ஆலை படுத்தால் வீடும் போகும், என் டெபாசிட்டும் போகலாம்" என்று அவர் வாயிலிருந்து வந்தால்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள்.

அந்தப் பேச்சுக்கு முன்பே வங்கியில் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளைத் திட்டத்தில் இந்தக் கடனைத் தர முடியுமா? சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு இருந்தால் கேட்கத் தடையில்லை. அந்தத் திட்டத்தின் கீழ் வரும் கடன் பகுதிக்கு வீட்டு ஆதாரமும் மூன்றாம் நபர் ஜாமீனும் வாங்கக்கூடாது. அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, அதை நீங்கள்தான் சுமப்பீர்கள். உத்தரவாதம் காப்பது வங்கியைத்தான். நீங்கள் கட்டத் தவறினால் உங்கள் கடன் தள்ளுபடி ஆகாது. ஆனாலும் அப்பாவின் வீடு வெளியே நிற்கும் என்றால் அந்தக் கட்டணம் கொடுக்கத் தகும் என்பது என் கருத்து. கிளையில் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி மனைவியிடம். அவரிடம் வெறும் தைரியம் சொல்லாதீர்கள்; ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டுங்கள். 15 லட்சத்துக்கு ஏழு ஆண்டுத் தவணை மாதம் சுமார் 25,700 ரூபாய். ஏழு ஆண்டில் வட்டி மட்டும் ஆறரை லட்சத்தைத் தாண்டும். சி.சி. முழுவதையும் எடுத்தால் அதற்கு வட்டி மாதம் சுமார் 4,600. இரண்டும் சேர்ந்து 30,300. உங்கள் 75,000இல் வீட்டுச் செலவு போக 45,000 மிஞ்சுகிறது. அதிலிருந்து இதைக் கழித்தால் 14,700. புதிய இயந்திரம் கொண்டுவரப் போகும் லாபத்தை இந்தத் தாளில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது இன்னும் வரவில்லை.

பிறகு அதே தாளில் மழைக்கால மாதம் ஒன்றை எழுதுங்கள். கொப்பரை சரியாகக் காயாமல், ஓட்டம் குறைந்து, லாபம் 40,000 என்று வையுங்கள். வீட்டுச் செலவு போனால் 10,000. தவணைக்கு 20,300 குறைகிறது. அப்படி நான்கு மாதம் வந்தால் 81,000 ரூபாய் பள்ளம். அதை எங்கிருந்து நிரப்புவீர்கள் என்பதுதான் உங்கள் மனைவியின் பயத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்வி. என்னைக் கேட்டால், கையெழுத்துப் போடும் நாளில் மூன்று மாதத் தவணை, அதாவது 90,000 ரூபாய், அவர் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது சேரும்வரை கடனைத் தள்ளிப் போடுங்கள்.

சி.சி. கடனைத் தனியாக விளக்குங்கள், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் "ஏழு வருஷத்தில் கடன் முடிந்துவிடும்" என்றே நினைப்பார்கள். சி.சி. அப்படி முடியாது. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 5 லட்சம் 5 லட்சமாகவே நிற்கும். வங்கி வழக்கமாக ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும். அது முடியும்வரை வீட்டு ஆதாரமும் திரும்பி வராது. கொப்பரை விலை இறங்கினால் இதில் இன்னொரு சிக்கல். நீங்கள் மாதாமாதம் தரும் இருப்புக் கணக்கில் வங்கி வழக்கமாகக் கால் பங்கைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம் தரும். பணம் கொடுத்து வாங்கிய இருப்பு 8 லட்சமாக இருந்தால் 6 லட்சம்வரை செல்லும். உங்கள் வரம்பு 5 லட்சம், பிரச்சினை இல்லை. அதே மூட்டைகளின் மதிப்பு 5 லட்சத்துக்கு இறங்கினால் 3.75 லட்சம்தான் செல்லும். முழு வரம்பையும் எடுத்திருந்தால் 1.25 லட்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கொள்முதல் விலை குறைந்ததே என்று நீங்கள் மகிழும் அதே வாரத்தில் இது வரும். பாலக்காட்டுப் பக்கம் கொப்பரை விலை எப்படி ஏறி இறங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டும்.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் நாள் கணக்கில் சொல்லிவிடுங்கள். 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக்கடன். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரலாம். அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அந்தச் சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது, வீட்டைத் தொடும். ஆகவே முதல் தவணை தவறிய வாரத்திலேயே வீட்டில் சொல்வேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுங்கள். வங்கியிடமும் அன்றே எழுத்தில் சொன்னால் தவணையை மாற்றி அமைக்கக் கேட்க இடம் இருக்கும். நோட்டீஸ் வந்த பிறகு அந்த இடம் சுருங்கிவிடும்.

அம்மாவையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள், உடன்பிறந்தவர் யாராவது இருந்தால் அவரையும். அப்பாவுக்குப் பின் வீடு யார் பங்குக்கு வந்தாலும் அடமானத்தோடுதான் வரும். இது பின்னால் தெரிந்தால் வரும் மனக்கசப்பைத் தீர்ப்பது கடனைத் தீர்ப்பதை விடக் கடினம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் இரண்டு ஜாமீன்களும் உயிரோடு இருக்கும். ஆகவே 20 லட்சத்துக்கு டேர்ம் காப்பீடு எடுங்கள். கடன் கணக்கோடு ஒட்டாமல், மனைவியை நியமனதாரராகக் கொண்ட தனிப் பாலிசியாக.

டேர்ம் லோனுக்கு வங்கி 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான புதிய டேர்ம் லோன்களுக்கும் இது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ நீட்டினால் தமிழில் கேளுங்கள். அதில் வட்டியோடு எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் இருக்கும். முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்து, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜாமீன் பத்திரத்தில் "இனிமேல் வாங்கும் எல்லாக் கடன்களுக்கும்" என்ற பொருளில் வரி இருந்தால், இந்த இரண்டு கடன்களுக்கு மட்டும் என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். அது திருத்தப்பட்ட பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும்.