கைபேசியில் செலுத்திய காசோலை: தாளை எப்போது கிழிக்கலாம்?

டாலஸ் வாசகர்: அமெரிக்க வங்கிச் செயலியில் படம் எடுத்தால் பணம் வருகிறது. தாள் எங்கும் போகவில்லையே, எப்படி?

காசோலையின் படத்திலிருந்து அச்சிடும் நகலும் மூலத்துக்கு நிகரே என்று, 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ‘செக் 21’ சட்டம் வகுத்தது. 2001 செப்டம்பரில் விமானங்கள் நின்றபோது காசோலைகள் மூட்டை மூட்டையாகத் தேங்கியது அதற்கு ஓர் உந்துதல். செயலி, காசோலையின் அடியில் உள்ள ஒன்பது இலக்க வங்கி எண்ணையும், கணக்கு எண்ணையும், காசோலை எண்ணையும் படிக்கிறது. படம், காசோலை எழுதியவரின் வங்கிக்குச் செல்கிறது. பணம் தருவதா, திருப்புவதா என்பதை அந்த வங்கியே முடிவு செய்கிறது.

நியூஜெர்சி வாசகர்: மறுநாளே பணம் ஏறிவிட்டது. அத்துடன் காரியம் முடிந்தது, கிழித்துவிடலாம் அல்லவா?

பணம் ஏறியது உண்மை. காரியம் முடிந்தது என்பது சரியன்று. திங்களன்று 640 டாலர் காசோலையைப் படம் எடுக்கிறீர்கள், செவ்வாயன்று இருப்பில் தெரிகிறது, வியாழனன்று கையெழுத்து மங்கலாக இருப்பதாகக் கூறி அது திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி அந்த 640 டாலரை மீண்டும் கழித்துவிடும். தாள் கையில் இருந்தால் கிளைக்கே கொண்டுபோய்ச் செலுத்தலாம். இல்லையென்றால் எழுதியவரிடம் புதியது கேட்க வேண்டும், அவரோ பழையதை நிறுத்திவைக்கத் தம் வங்கிக்குக் கட்டணம் கட்ட நேரலாம். எத்தனை நாள் வைத்திருப்பது என்பது வங்கிக்கு வங்கி மாறும்; உங்கள் ஒப்பந்தத்தில் பார்த்து, அதன் பின்னரே கிழியுங்கள்.

சான் ஹோசே வாசகர்: மதுரையில் இருக்கும் மாமனார் தந்த ரூபாய்க் காசோலையையும் இப்படிப் போடலாமா?

இயலாது; இந்தச் செயலிகள் அமெரிக்க வங்கிகளின் டாலர் காசோலைகளுக்கானவை. இந்தியாவிலும் 2008 முதல் படம் வழியாகவே தீர்வு நடைபெறத் தொடங்கியது; ஆனால் அங்கே படம் எடுப்பதும் தாளை வைத்திருப்பதும் வங்கியே.

கிரெடிட் யூனியன் ஊழியர்: பின்புறம் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறார்கள், ஐயா. அதைச் சொல்லுங்கள்.

நன்றாக நினைவூட்டினீர்கள். கையெழுத்தின் கீழே ‘ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி’ என்றும் வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். அது இல்லாத தாளை யாரேனும் எடுத்துக் காசோலை மாற்றும் கடையில் கொடுத்தால், எழுதியவர் கணக்கில் இருமுறை கழியக்கூடும். 2018 ஜூலை முதல், குறிப்பில்லாத தாளை ஏற்று நஷ்டப்பட்ட வங்கி, படத்தை ஏற்ற வங்கியிடம் ஈடு கேட்கலாம். அந்த வங்கி உங்களிடம்தான் வரும்.

மறுபடியும் நியூஜெர்சி வாசகர்: குறிப்பு எழுதவில்லை; தாளையும் தொலைத்துவிட்டேன்.

வங்கிக்குத் தெரிவியுங்கள், எழுதியவரையும் கணக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கடந்த காசோலைக்கு வங்கி பணம் தர வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் விரும்பினால் தரலாம் என்பதால், அந்நாளோடு ஆபத்து தீர்ந்ததென்று என்னால் உறுதி கூற இயலாது.