எதிர் மலையில் லேசர் புள்ளி ஏன் பெருக்கிறது? – கேள்வி பதில்

பெருமாள்மலை, விடுதி நடத்துபவர்: அண்ணா, விருந்தாளிகளுக்கு நட்சத்திரம் காட்ட பச்சை லேசர் ஒன்று வாங்கினேன். அறைச் சுவரில் மிளகு அளவுதான் புள்ளி. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாறையில் அடித்தால் ஒன்றரை முழம் அகலத்துக்கு மங்கலாகத் தெரிகிறது. மட்டமான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இல்லை தம்பி, நல்ல பொருள்தான். ஒன்றரை முழத்தில் நிற்கிறது என்றால் இயற்கை விடுகிற எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எந்த லேசர் கற்றைக்கும் மிகக் குறுகலான ஓர் இடம் உண்டு. அதை இடுப்பு என்கிறோம். தொலைவில் கற்றை எவ்வளவு விரியும் என்பதை அந்த இடுப்பும் ஒளியின் அலைநீளமும்தான் தீர்மானிக்கின்றன:

```
θ = λ / (π · w0)
```

w0 இடுப்பின் ஆரம், λ அலைநீளம். θ என்பது நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு விரியும் கோணம், ரேடியனில். உங்கள் பச்சை லேசருக்கு λ 532 நானோமீட்டர். இடுப்பு 1 மி.மீ. அகலம் என்று வைத்தால் ஆரம் 0.5 மி.மீ. கணக்குப் போட்டால் θ = 0.00034 வருகிறது. ஒரு கிலோமீட்டரில் ஆரம் 34 செ.மீ., அகலம் 68 செ.மீ. உங்கள் ஒன்றரை முழம் அதுதான்.

ஏன் இப்படி? கற்றையின் அகலம் முழுவதிலிருந்தும் கிளம்பும் அலைகள் நேர் திசையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. கொஞ்சம் சாய்ந்த திசையில் பார்த்தால், ஒரு ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் மறு ஓரத்திலிருந்து வருவதற்கும் பாதை வித்தியாசம் உண்டாகி, அவை ஒன்றையொன்று அழிக்கின்றன. கற்றை அகலமாக இருந்தால் மிகச் சிறிய சாய்விலேயே அந்த அழிவு வந்துவிடும், ஒளி நேராகவே போகும். குறுகலாக இருந்தால் அதிகம் சாய்ந்த பிறகுதான் அழிவு வரும். அதுவரை ஒளி தாராளமாகப் பரவும்.

ஒரு வேண்டுகோள். பாறை வரை சரி, மலைப்பாதை வளைவுகளின் பக்கம் மட்டும் அடிக்காதீர்கள். ஒன்றரை முழ வெளிச்சமும் இரவில் ஓட்டுநர் கண்ணைக் கூசவைக்கும்.

பண்ணைக்காடு, கல்லூரி மாணவர்: சார், லேசர் என்றாலே இணையான கற்றை என்றுதானே படித்தோம்? வழியில் இருக்கும் காற்றும் மூடுபனியும்தான் அதை விரிக்கின்றன. வெற்றிடத்தில் விரியாது இல்லையா?

பாதி சரி. இணையாகப் போவது உண்மை, ஆனால் ஒரு தூரம் வரைக்கும்தான். அந்தத் தூரம் π·w0²/λ. மேலே சொன்ன லேசருக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அங்கே கற்றை இடுப்பைப் போல 1.41 மடங்கு ஆகியிருக்கும், அதைத் தாண்டியதும் சீராக விரியத் தொடங்கிவிடும். வெற்றிடத்திலும் இதே கதைதான்.

மூடுபனி செய்வது வேறு. வழியிலேயே ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கிறது, அதனால்தான் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, புள்ளி மங்குகிறது. விரிகோணம் அப்படியே இருக்கும். காற்றின் கொந்தளிப்பு மிக அகலமான கற்றைகளில்தான் ஆதிக்கம் செலுத்தும். அப்போலோ வீரர்கள் 1969 முதல் நிலவில் வைத்த பிரதிபலிப்பான்களுக்குப் பெரிய தொலைநோக்கி வழியாக லேசர் அனுப்புகிறார்கள். சூத்திரப்படி கற்றை நிலவில் சில நூறு மீட்டர்தான் இருக்கவேண்டும், நம் வளிமண்டலம் அதை இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு விரித்துவிடுகிறது.

பூம்பாறை, அறிவியல் ஆசிரியை: கண்காட்சிக்காகக் கேட்கிறேன். லென்ஸ் வைத்துக் கற்றையை நன்றாகக் குறுக்கி அனுப்பினால் எதிர் மலையிலும் சின்னப் புள்ளி கிடைக்குமா?

நேர்மாறாகச் செய்யுங்கள் டீச்சர். குறுக்கினால் இடுப்பு சிறுத்து விரிகோணம் ஏறும். பாதியாகக் குறுக்கினால் எதிர் மலையில் புள்ளி இரட்டிப்பாகும்.

பத்து மடங்கு பைனாகுலரைத் திருப்பி வையுங்கள். கண் வைக்கும் பக்கம் லேசரைச் செலுத்தினால், பெரிய லென்ஸ் வழியே 1 மி.மீ. கற்றை 10 மி.மீ. ஆக வெளிவரும். ஒரு கிலோமீட்டரில் 68 செ.மீ. இருந்த புள்ளி 7 செ.மீ. ஆகிவிடும். பைனாகுலரின் குவியத்தை மெதுவாகத் திருகி, தூரத்தில் நிற்பவர் சொல்லச் சொல்லப் புள்ளியைச் சுருக்குங்கள். அவர் பாறையைத்தான் பார்க்கவேண்டும், கற்றை வரும் வழியில் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது.

இன்னும் பெரிதாக்கலாமா என்றால், அதற்கும் வரம்பு உண்டு. இடுப்பு உங்கள் கையில், லென்ஸின் வாயிலேயே இருக்கும்போது, ஒரு கிலோமீட்டருக்குச் சிறந்த ஆரம் 1.3 செ.மீ. அப்போது பாறையில் புள்ளியின் அகலம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 5 செ.மீ. ஆரத்தில் அனுப்பினால் கிளம்பும்போதே 10 செ.மீ. அகலம், அங்கே போய்ச் சுருங்காது. சுருங்கவேண்டுமானால் இடுப்பைப் பாறையில் விழும்படி குவிக்கவேண்டும். அங்கே காற்றின் ஆட்டம் குறுக்கே வரும். வெயில் ஏறிய பிறகு செய்யாமல் அதிகாலையில் செய்து பாருங்கள்.

தாண்டிக்குடி, காபித் தோட்டக்காரர்: என்னிடம் இருப்பது சிவப்பு லேசர். வேலி போட நேர்கோடு பார்க்க வைத்திருக்கிறேன். கிட்டத்தில் புள்ளி படுக்கையாக நீண்டிருக்கிறது, தோட்டக் கடைசியில் நெட்டுக்குத்தாக நிற்கிறது. விழுந்து லென்ஸ் கோணிவிட்டதோ?

கோணியிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பார்த்தது இந்த விதியின் மிக அழகான சாட்சி. சிவப்பு லேசருக்குள் இருக்கும் டயோடின் வாய் சதுரமில்லை, அதனால் கற்றை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வெளிவருகிறது. படுக்கையில் இடுப்பு அகலம் என்பதால் அந்தத் திசையில் மெதுவாக விரியும். நெட்டில் குறுகல் என்பதால் வேகமாக விரிந்து, நடுவில் ஓரிடத்தில் படுக்கையை முந்திவிடும். லேசரைத் தன் அச்சில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், புள்ளியும் கூடவே திரும்பவேண்டும். வேலிக்குப் புள்ளியின் மையத்தைக் குறித்தால் போதும்.

முத்தோரை, ஊட்டியிலிருந்து: இங்கே இருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் லேசர் அனுப்புகிறதா? அதற்குத்தான் அவ்வளவு நீளமா?

அதில் லேசர் இல்லை, அது வானிலிருந்து வரும் ரேடியோ அலையை வாங்குகிறது. நீளத்துக்குக் காரணம் மட்டும் இதே விதிதான். அலைநீளம் 92 செ.மீ. அளவு, நீளம் 530 மீட்டர். அதனால் நீளவாக்கில் பார்வை ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்குக்கு ஒடுங்குகிறது. அகலம் 30 மீட்டர்தான் என்பதால் அந்தத் திசையில் இரண்டு பாகைக்கு மேல் பரந்திருக்கிறது.

பூம்பாறை ஆசிரியை, மறுபடியும்: அளந்து பார்த்தோம். 10 மீட்டரில் 11 மி.மீ., 40 மீட்டரில் 41 மி.மீ. ஆனால் லேசர் வாயில் 1.5 மி.மீ. இருக்கிறது. உங்கள் சூத்திரத்துக்கு ஒத்துவரவில்லையே?

30 மீட்டரில் 30 மி.மீ. கூடியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 0.0005 ரேடியன். அதற்கான இடுப்பு 0.7 மி.மீ. அகலம்தான். வாயில் அதன் இரு மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று கேட்பது நியாயம்.

இரண்டு காரணம் இருக்கலாம். உள்லென்ஸ் சற்றுத் தள்ளியிருந்தால் கற்றை விரிந்துகொண்டேதான் வெளிவரும். அப்போது 0.7 மி.மீ. இடுப்பு, வாய்க்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பதுபோல் கணக்கில் நிற்கும். அல்லது இடுப்பு வாயிலேயே 1.5 மி.மீ. ஆக இருந்து, கற்றை சுத்தமாக இல்லாததால் சூத்திரம் சொல்வதைவிட இரு மடங்கு வேகமாக விரியலாம். உங்கள் எண்கள் முதல் காரணத்தின் பக்கம் சாய்கின்றன, ஆனால் கண்ணால் அளக்கும்போது ஒரு மி.மீ. தவறுவது சாதாரணம்.

அப்புறம், 3 மீட்டரில் ஒருமுறை அளங்கள். முதல் காரணமானால் 4.4 மி.மீ. வரும், இரண்டாவதானால் 3.4. இருட்டில் நடுப்புள்ளி கண்ணைக் கூசி ஓரத்தைப் பெரிதாகக் காட்டும், அதனால் அறை விளக்கை எரியவிட்டு, சாம்பல் நிற அட்டையில் பாருங்கள்.