அடைப்பு தெரிந்தும் ஸ்டென்ட் வைக்காமல் விடுவது ஏன்?

கேள்வி: என் தங்கைக்கு 34 வயது. சுகர், பிரஷர், கொழுப்பு எதுவும் கிடையாது. ஹார்ட் அட்டாக் என்று சேர்த்து ஆஞ்சியோ எடுத்தார்கள். இதய ரத்தக்குழாயின் சுவர் தானாகவே கிழிந்திருக்கிறது, ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார்கள். அடைப்பை இப்படியே விடலாமா?

பதில்:

வலி நின்றுவிட்டது, குழாயின் கடைசி வரை ரத்தம் போகிறது, பிரஷர் நிலையாக இருக்கிறது என்றால் விடலாம். இந்த நோயில் அதுதான் நல்ல வைத்தியமும்கூட.

நான் வேலூரில் கேத் லேப் டெக்னீஷியன். டாக்டர் இல்லை. ஆனால் ஆஞ்சியோ படங்களைத் தினமும் பார்ப்பவன். என் அண்ணிக்கே இது வந்ததால், வீட்டுப் பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணிக்கு அப்போது 41 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. ஒல்லியான உடம்பு, எந்த மாத்திரையும் சாப்பிட்டதில்லை. ஒரு ராத்திரி நெஞ்சை இறுக்கிப் பிடித்தது, தாடையும் இடது கையும் வலித்தன, வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தார். பக்கத்துக் கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் எல்லாம் வராதும்மா, வாயுதான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆரம்பத்தில் ஈசிஜி நார்மலாக இருக்கலாம். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப எடுத்திருக்க வேண்டும், இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். வயதையும் உடம்புவாகையும் பார்த்து முடிவு செய்ததில்தான் பாதி ராத்திரி போனது. விடியற்காலை வலி திரும்ப வந்தபோது நான் வேலூருக்குக் கூட்டிவரச் சொன்னேன். ஈசிஜி மாறியிருந்தது, டிரோபோனின் ஏறியிருந்தது, எக்கோவில் இதயத்தின் முனைப் பகுதி சரியாகச் சுருங்கவில்லை.

வழக்கமான ஹார்ட் அட்டாக்கில் குழாயின் உள்ளே கொழுப்புப் படிந்து, அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைக்கிறது. அண்ணியின் குழாய்களில் கொழுப்பே இல்லை, உள்பக்கம் வழவழவென்று இருந்தது. ஆனால் இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் எல்.ஏ.டி. குழாய் பாதியிலிருந்து திடீரென்று ஒல்லியாகி, கடைசி வரை ஒல்லியாகவே போனது. குழாய் இறுகிச் சுருங்கியதாலும் இப்படித் தெரியலாம் என்பதால், டாக்டர் குழாய்க்குள்ளேயே நைட்ரோகிளிசரின் கொடுத்துப் பார்த்தார். விரியவில்லை. அப்போதுதான் "ஸ்கேட்" என்றார். ஸ்பான்டேனியஸ் கரோனரி ஆர்ட்டரி டிசெக்‌ஷன் என்பதன் சுருக்கம் அது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஷூவுக்குள் லைனிங் பிரிந்து, தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால், லைனிங் உள்பக்கமாக உப்பி, கால் நுழைய இடம் இருக்காது. குழாயின் சுவரிலும் அடுக்குகள் உண்டு. உள் அடுக்கு கிழிந்தோ, கிழிசலே இல்லாமல் சுவருக்குள் இருக்கும் நுண்ணிய குழாய் கசிந்தோ, அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டு உள்பக்கம் அழுத்துவதால் வழி குறுகிவிடுகிறது. இந்த நோய் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பிரசவமாகி முதல் சில வாரங்களுக்குள் ஒரு பெண்ணுக்கு ஹார்ட் அட்டாக் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "80 சதவீதம் அடைப்புன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் ஏன்டா சும்மா விடறாங்க? காசு இல்லன்னு நினைச்சுட்டாங்களா?"

காசு விஷயமே இல்லை. ஸ்டென்ட் வைக்க முதலில் முடி போன்ற ஒரு கம்பியைக் குழாய்க்குள் விட வேண்டும். சுவர் பிரிந்திருக்கும் இடத்தில் அந்தக் கம்பி உண்மையான வழியை விட்டுவிட்டுச் சுவரின் நடுவே புகுந்துவிடலாம். சரியான வழியில் போனாலும், பலூனை விரித்ததும் உள்ளே கட்டியிருக்கும் ரத்தம் மேலேயும் கீழேயும் பிதுங்கி, நன்றாக இருந்த இடத்தையும் பிரித்துவிடலாம். அதைச் சரிசெய்ய இன்னொரு ஸ்டென்ட், அதன் முனையில் இன்னொன்று என்று நீளும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தக்கட்டு கரைந்த பிறகு குழாய் பழைய அகலத்துக்கு வந்துவிடும், அன்றைக்குப் பொருந்திய ஸ்டென்ட் அப்போது தொளதொளவென்று நிற்கும்.

சும்மா விட்டாலோ, பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்திலிருந்து சில மாதங்களுக்குள் அந்தக் கட்டு தானாகவே கரைந்து குழாய் ஆறிவிடுகிறது. கொழுப்பு அடைப்பு அப்படி ஆறாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறாக இருப்பது இதனால்தான்.

ஆனால் முதல் வாரம் கவனமாக இருக்க வேண்டும். சிலருக்கு அந்த நாட்களில் பிரிவு இன்னும் நீளும். அதனால்தான் வலி போன பிறகும் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். தங்கையை அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். வலி திரும்பினாலோ, ரத்த ஓட்டம் நின்றாலோ, பிரஷர் விழுந்தாலோ, இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானாலோ, பிரிவு இடது பக்கத்தின் தாய்க்குழாயில் இருந்தாலோ ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பற்றி யோசித்தே ஆக வேண்டும். அந்த நிலையில் "எங்களுக்கு மாத்திரை போதும்" என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கவும் கூடாது.

மாத்திரைச் சீட்டை வீட்டில் அட்டாக் வந்த மாமாவுடைய சீட்டோடு ஒப்பிடாதீர்கள். அண்ணிக்கு மெட்டோபுரோலாலும் ஆஸ்பிரினும்தான் முக்கியம். இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த மெட்டோபுரோலால், திரும்ப வரும் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரிகிறது. கொழுப்பு மாத்திரை அவருக்குக் கொடுக்கவில்லை. கொழுப்பே அதிகம் இல்லாதபோது, இந்த நோய்க்காக மட்டும் அது தேவையில்லை. சேர்த்தவுடன் போட்ட, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியையும், நோய் என்னவென்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ரத்தம் கட்டியிருக்கும் இடத்தில் இன்னும் கசிய விடக்கூடாது அல்லவா?

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கழுத்து, மூளை, சிறுநீரகக் குழாய்களை ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்கேட் வந்தவர்களில் நிறையப் பேருக்கு ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்ற, குழாய்ச் சுவரே பலவீனமாக இருக்கும் நிலை மற்ற இடங்களிலும் இருக்கும். அண்ணிக்குச் சிறுநீரகக் குழாயில் இருந்தது, அதனால் பிரஷரை இப்போது அடிக்கடி பார்க்கிறோம்.

மறுபடி வருமா என்றால், வரலாம், எல்லாருக்கும் வராது. நடப்பது நல்லது. மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீர் கேன் தூக்குவது, அரிசி மூட்டை நகர்த்துவது வேண்டாம். 34 வயது என்பதால் அடுத்த குழந்தை பற்றிய பேச்சு வீட்டில் வரும். கர்ப்பம் இவர்களுக்கு ஆபத்தைக் கூட்டும், பொதுவாக வேண்டாம் என்றே சொல்வார்கள். கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரையைத் தவிர்த்து காப்பர்-டி போன்றவற்றைப் பற்றி மகப்பேறு டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் சேர்த்துப் பேசுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆஞ்சியோ சிடியைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே கவரில் வையுங்கள். வெளியூரில் வலி வந்தால், அங்கே இருக்கும் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு குழாய்க்குள் கம்பியை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும்.