எடை ஒரு கிலோ, இடுப்பு ஐந்து சென்டிமீட்டர்: மாதவிடாய் நின்ற பிறகு

கேள்வி: வயசு 52. பீரியட்ஸ் நின்னு ஒன்றரை வருஷம். சாப்பாட்டைப் பாதியாக்கி, தினம் ஒரு மணி நேரம் நடந்து, மூணு மாசத்துல 75 கிலோவிலிருந்து 70க்கு வந்தேன். அடுத்த ஆறு மாசத்துல திரும்ப 74. வயிறு முன்னைவிடப் பெரிசு. மாடி ஏறினா தொடை நடுங்குது. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் இழந்த ஐந்து கிலோவும் கொழுப்பு மட்டும் இல்லை. தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் வெட்டினால், குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாகப் போய்விடும். உங்கள் கணக்கில் ஒரு கிலோவுக்கு மேல். திரும்பி வந்த நாலு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு. அதனால் இன்றைய 74 பழைய 75ஐ விட மோசம். தொடை நடுங்குவது அதனால்தான் இருக்கும்.

முதல் ஆறு வாரம் உணவைக் குறைக்கவே வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம், நாளுக்குச் சுமார் 90 கிராம் புரதம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். வாரம் மூன்று நாள் எடைப்பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், டம்பலைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல், ரப்பர் பட்டையை முதுகுத் தசையால் பின்னுக்கு இழுத்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து 12 சுலபமாக வந்தால் ஒரு கிலோ கூட்டுங்கள். பலரும் மாதக்கணக்கில் அதே இரண்டு கிலோ டம்பலோடு நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் பயன் நின்றுபோகிறது.

அதன்பின் நாளுக்கு 300 கலோரி மட்டும் குறையுங்கள். மாதம் ஒரு கிலோ இறங்கினால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் இடுப்புச் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். கூடவே 30 விநாடியில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும். எடை இறங்கும்போது இந்த எண்ணிக்கையும் இறங்கினால் தசை கரைகிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஐம்பதில் மெட்டபாலிசமே செத்துப்போகுதுன்னு சொல்றாங்களே. அப்புறம் எதுக்கு இந்த மெனக்கெடல்?

பதில்: பாதி சரி. தசை குறைந்தால் எரியும் ஆற்றலும் குறையும். ஆனால் 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வு, உடலளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை அந்தச் செலவு அநேகமாக மாறுவதில்லை என்று காட்டியது. நிஜமாக மாறுவது வேறு. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வில், கடைசி மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பானது, தசை குறையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அது நிதானமானது. எடை மட்டும் எப்போதும்போல மெதுவாகவே ஏறியது, அதனால் எடைமெஷின் இதைக் காட்டவில்லை. ஈஸ்ட்ரோஜென் இறங்கும்போது, தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேர ஆரம்பிக்கிறது.

கேள்வி: நான் நர்ஸ். ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வயிறு அவ்வளவாகப் போடுவதில்லை என்று பார்த்திருக்கிறேன். எடைக்காகவே கேட்டு வாங்கலாமா?

பதில்: நீங்கள் கவனித்தது சரிதான், வயிற்றுக் கொழுப்பு சேர்வதை அது ஓரளவு தடுக்கிறது. ஆனாலும் எடை குறைக்க என்று அதைக் கொடுப்பதில்லை. உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் தூக்கத்தைக் கெடுத்தால் அதற்காகப் பேசலாம். தூங்கி எழுந்தவர்தான் பயிற்சியை விடாமல் செய்வார். தசையைக் காக்குமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: எனக்கு 44. கர்ப்பப்பை எடுத்து நாலு வருஷம். பீரியட்ஸ் நின்னாச்சு, அப்போ எனக்கும் இதே நிலைதானே அக்கா?

பதில்: சினைப்பைகளை விட்டுவைத்தார்களா என்று அறுவை சிகிச்சைக் குறிப்பைப் பாருங்கள் தங்கச்சி. அவை இருந்தால் ஈஸ்ட்ரோஜென் இன்னும் சுரந்துகொண்டிருக்கலாம், ரத்தப்போக்கு மட்டும்தான் நின்றிருக்கிறது. இரண்டையும் எடுத்திருந்தால் மாற்றம் ஒரே நாளில் வந்திருக்கும். எலும்பு அடர்த்தியைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். இரண்டில் எதுவானாலும் பயிற்சி ஒன்றே.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டது நான்தான். நாலு மாசம் ஆச்சு. எடை 73தான். இடுப்பு 96லிருந்து 91. நாற்காலி 9லிருந்து 14. கல்யாணத்தப்போ இருந்த 58 கிலோ இனி வருமா?

பதில்: 58ஐ நான் வாக்குத் தர மாட்டேன். அந்த எண்ணுக்காகத்தான் போன தடவை தசையைக் கொடுத்தீர்கள். ஐந்து சென்டிமீட்டர் குறைந்தும் எடை ஒரு கிலோதான் இறங்கியிருக்கிறது, தொடைக்கோ பலம் கூடியிருக்கிறது. அடுத்த வாரம் டம்பலில் ஒரு கிலோ ஏற்றுங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.