விஎஸ்எஸ் பணத்துக்கு முழு வரியா?

"பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 18 வருஷம் 7 மாசம் வேலை. விஎஸ்எஸ் எனும் விருப்பப் பணிவிலகல் திட்டத்தை எடுத்தேன், 260,000 ரிங்கிட். மொத்தத்துக்கும் வரி போட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?"

வேலை இழப்புக்கான இழப்பீடாக இருந்தால், அதே முதலாளியிடம் முடித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் விலக்கு உண்டு. அந்த 7 மாதம் கணக்கில் வராது. ஆக 180,000 கழியும், 80,000-க்கு மட்டுமே வரி.

முதலாளி கொடுத்த விஎஸ்எஸ் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கடந்தகாலச் சேவைக்கான பணிக்கொடை என்று எழுதியிருந்தால் இந்த விலக்கு கிடைக்காது. பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். வேலை இழப்புக்குத்தான் கொடுத்தோம் என்று முதலாளியிடம் கடிதம் வாங்குங்கள்; சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொகை அதில் இருக்கட்டும்.

அப்புறம், நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் பாரம் கியூ வழியாக மேல்முறையீடு செய்யுங்கள். முறையீடு நடக்கும்போதும் வரியைக் கெடுவுக்குள் கட்டித்தான் ஆகவேண்டும்.